டாக்டருக்காக எடுத்த படம்

அந்த நோட்டீஸின் மாதிரி என் போனுக்கு வந்தபோது நான் பாபநாசம் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "பாத்துட்டு சொல்லும்மா, நாளைக்குப் பேசி முடிவு பண்ணிடலாம்" என்று கீழே ஒரு வரி இருந்தது. படம் முழுதாகத் திறந்ததும் போனைக் கவிழ்த்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். எடை போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். ஊரெல்லாம் பார்க்க வேண்டும் என்று அடிக்கப்போகிற தாளை ஒரு கடைக்காரர் கண்ணிலிருந்து ஏன் மறைக்கிறேன் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

அனுப்பியவர் எங்கள் அறக்கட்டளையின் செயலாளர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். அந்த அம்மாளை ஆஸ்பத்திரியில் "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிய பிறகு, வலியோடு அவர் வீட்டில் கிடந்த நாட்கள்தான் இந்த அறக்கட்டளையைத் தொடங்க வைத்தன. அப்படி அனுப்பப்பட்டவர்களின் வீடு தேடி ஒரு நர்ஸ் போவார். புண்ணுக்குக் கட்டு மாற்றுவார். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைக் கொடுத்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வார். யாரிடமும் காசு வாங்குவதில்லை. என் அத்தா இறந்த வருடம் எங்கள் வீட்டுக்கும் அந்த நர்ஸ்தான் வந்தார். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் பல காலம் வாசகம் எழுதிவிட்டு, அத்தாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியிருந்த நான், அதன்பிறகு அங்கேயே ஒட்டிக்கொண்டேன். நன்கொடை கேட்டு வெளியே போகிற எதுவாக இருந்தாலும் என் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்று செயலாளர் ஏற்பாடு செய்திருந்தார். நோன்பு மாதம் வரப்போகிறது, நாகூர்ப் பக்கத்து வியாபாரிகளும் வளைகுடாவில் இருப்பவர்களும் ஜகாத் கொடுக்கிற சமயம், அதற்குள் ஒரு நோட்டீஸ் வேண்டும் என்று அவர் சில நாட்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மருந்துக் கடை மாடியிலிருக்கும் எங்கள் அலுவலக அறையில் செயலாளர், நர்ஸ், நான் மூவரும் உட்கார்ந்தோம். நோட்டீஸை ஒரு தாளில் அச்செடுத்து மேசை நடுவில் வைத்திருந்தார்.

கறுப்புப் பின்னணி. மேலே சிவப்பு எழுத்தில் "இவரைச் சாகவிடப் போகிறீர்களா?" அதன் கீழே, தாளில் பாதிக்கு மேல், ஒரு பெண்ணின் முகம். வாயில் வந்த புற்று கன்னத்தை என்ன செய்திருந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. முகத்துக்குக் கீழே அவர் பெயர், ஊர். அதற்கும் கீழே "அள்ளித் தாருங்கள், அல்லாஹ் உங்களுக்குத் தருவான்" என்று ஒரு வரி. எந்த ஊர்த் தாளிலும் ஒட்டவைக்கக்கூடிய வரி அது. அந்தப் பெண் கும்பிடுவது மாரியம்மனை. அடியில் பொடி எழுத்தில் வங்கிக் கணக்கு எண், அலுவலகத் தொலைபேசி எண், ஓரத்தில் ஒரு க்யூஆர் கட்டம்.

ஒரு நோட்டீஸைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது, படித்து முடித்தவர் என்ன உணர்ச்சியோடு எழுந்திருப்பார் என்பதுதான். இதைப் படித்தால் குற்றவாளி ஆகிவிடுவார். கொடுக்கவில்லை என்றால் கொலை செய்தவர். அந்த உறுத்தலைத் தீர்த்துக்கொள்ளக் காசு கொடுப்பார். கொடுத்துவிட்டு அந்த முகத்தை மறக்கப் பார்ப்பார். அடுத்த முறை எங்கள் பெயரைக் கண்டாலே பக்கத்தைத் தள்ளிவிடுவார். அதோடு அந்தத் தலைப்பு பொய். நாங்கள் யாரையும் சாவிலிருந்து காப்பாற்றுவதில்லை. சாகும்வரை வலியில்லாமல் இருக்கத்தான் உதவுகிறோம். இதையெல்லாம் செயலாளரிடம் சொன்னேன்.

பணம் எதற்கு என்று தாளில் எங்கும் இல்லை. ஆபரேஷனுக்கா, மருந்துக்கா? கொடுத்தால் என்ன நடக்கும்? ஒரு வீட்டுக்கு நர்ஸ் ஒரு முறை போய் வருவதற்கு, ஒரு நோயாளிக்கு ஒரு மாதம் கட்டுத்துணியும் மருந்தும் கொடுப்பதற்கு என்று சொன்னால் கொடுப்பவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். ரசீது கிடைக்குமா, வருமான வரி விலக்கு உண்டா என்பதும் இல்லை. க்யூஆர் கட்டத்தைக் கறுப்பின் மேல் வெள்ளையாகத் தலைகீழ் நிறத்தில் போட்டிருந்தார்கள். என் போனிலும் நர்ஸின் பழைய போனிலும் பிடித்துப் பார்த்தோம். நர்ஸின் போன் அதைப் படிக்கவே இல்லை.

செயலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எழுத்தை மாற்றலாம், கட்டத்தை மாற்றலாம் என்றார். படத்தை மட்டும் விட மனமில்லை.

"நீ சொல்ற மரியாதையெல்லாம் வாஸ்தவம்தாம்மா. ஆனா அழ வெச்சாத்தான் குடுக்குறான். போன வருஷம் பூ படம் போட்டோமே, என்ன வந்துச்சு?"

போன வருடம் நான் பார்த்துச் சரிசெய்த நோட்டீஸுக்கு ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. அந்தக் கோடையில் தூரத்து ஊர்களுக்கு நர்ஸ் போவதைக் குறைக்க வேண்டியிருந்தது. அவர் கேட்டதில் வன்மம் இல்லை. மாத்திரை தீர்ந்துபோன வீடுகளை அவரும் பார்த்திருந்தார்.

நர்ஸ் அப்போது சொன்னார், "சார், இது நான் டாக்டருக்காக எடுத்த படம். புண்ணு எப்படி இருக்குன்னு பாக்கணும்னு கேட்டார். அவங்ககிட்டயும் அதைச் சொல்லித்தான் எடுத்தேன்."

டாக்டர் தஞ்சாவூரில் இருக்கிறார். எல்லா வீட்டுக்கும் வர முடியாது என்பதால் நர்ஸ் எடுத்து அனுப்பும் படத்தைப் பார்த்து மருந்தை மாற்றுவார். அதற்கென்று வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் செயலாளரும் இருந்தார். படத்தை அங்கிருந்து எடுத்துத்தான் நோட்டீஸ் போடும் ஆளுக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு வேறெதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, இந்தப் படம் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். அந்த அம்மாவிடமே போய்க் கேட்டு, அவருக்குச் சம்மதம் என்றால் வேறு படம் எடுத்துவருவது என்று முடிவாயிற்று.

இரண்டொரு நாளில் நர்ஸின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். குத்தாலம் போகிற வழியில் பிரிந்து உள்ளே போகும் ஊர். தாளடி அறுவடை நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் பாதிவரை நெல் காயப் போட்டிருந்தார்கள். அரசு கட்டிக்கொடுத்த ஓட்டு வீடு. அந்த அம்மாவின் கணவர் வெளியே வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். இருவரும் நடவு, அறுப்பு என்று வயல் வேலைக்குப் போனவர்கள். இப்போது கணவர் மட்டும் வேலை கிடைக்கிற நாள் போகிறார். ஒரே மகன் சவுதியில் ஏதோ கட்டட வேலையில் இருந்தான்.

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டை மூக்குக்குக் கீழே சுற்றிக் காதோரம் செருகியிருந்தார். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. நல்ல கண்கள், எதையும் தவறவிடாத கண்கள். பேச்சு குழறும், நிதானமாகக் கேட்டால் புரியும். எதற்கு வந்தோம் என்று சொன்னேன். படம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் நர்ஸ் வழக்கம்போல வருவார், மாத்திரை வழக்கம்போல வரும் என்பதை இரண்டு முறை சொன்னேன். வாரா வாரம் வீடு தேடி வந்து கட்டு மாற்றுகிறவர்கள் கேட்கும்போது ஒருவரால் முடியாது என்று சொல்ல முடியுமா என்ற சந்தேகம் எனக்குத் தீரவேயில்லை. ஆனால் அவர் உடனே சரியென்று சொல்லவில்லை. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

"இது வெளிநாட்டுக்குப் போவுமா?" என்று கேட்டார்.

போகும் என்றேன்.

"அப்ப மூஞ்சி வேணாம்மா. பேரும் வேணாம், ஊரும் வேணாம். எம் மவன்கிட்ட எனக்குப் பல்லு புடுங்குனதாத்தான் சொல்லி வெச்சிருக்கோம்."

கணவர் வாசலிலிருந்தே விளக்கினார். ஒப்பந்தம் முடியாமல் அவன் கிளம்ப முடியாது. தெரிந்தால் அங்கே நிம்மதியாக இருக்க மாட்டான். கண் காணாத இடத்தில் என்ன செய்துகொள்வானோ. அதனால் வீடியோ அழைப்பு வந்தால் சிக்னல் இல்லை என்று சொல்லி, வெறும் பேச்சில் முடித்துக்கொள்கிறார்கள். பேச்சு குழறுவதற்குப் பல் கட்டியிருக்கிறார்கள் என்று காரணம்.

முதுகுப் பக்கமிருந்து எடுக்கலாமா, நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோல, என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு கணவரிடம் ஏதோ சொன்னார். அவர் உள்ளே போய் சீப்பும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்தார். தலை சீவாமல் எடுக்கக் கூடாதாம். நர்ஸ் சீவிப் பின்னிவிட்டார். பக்கத்து வீட்டில் கனகாம்பரம் வாங்கிவந்து கணவரே பின்னலில் வைத்தார். வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்தது. படத்தில் ஒரு பெண்ணின் பின்னலும் பூவும், அவர் தோளைத் தொட்டுக்கொண்டு எதையோ கேட்கும் நர்ஸின் முகமும் இருந்தன. காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று கையால் சொன்னார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ விளம்பரங்களுக்குப் படம் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அப்படி ஒரு சரியான படம் கிடைத்ததில்லை. திரும்பி வரும்போதே தலைப்பு மனதில் வந்துவிட்டது: "இவர் வீட்டுக்கு இந்த வாரமும் நர்ஸ் போக வேண்டும்." கீழே, ஒரு முறை போய்வர உதவுங்கள் என்று ஒரே ஒரு வேண்டுகோள். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கட்டம், ரசீது பற்றிய வரி, பேச வேண்டுமானால் எந்த நேரத்தில் யாரைக் கேட்பது என்பது. மறுநாள் மதியத்துக்குள் தாளைத் தயாராக்கிவிட்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன்.

செயலாளர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த முதல் மாதிரியை எனக்கு அனுப்பிய அதே சமயத்தில் நாகூரிலிருக்கும் ஒரு வியாபாரிக்கும் அனுப்பியிருக்கிறார். அவர் எங்களுக்கு வருடம் தவறாமல் கொடுக்கிறவர். இது போதுமா பாருங்கள் என்று கருத்துக் கேட்கத்தான் அனுப்பியது. அவரிடமிருந்து பதில் வராததால் பார்க்கவில்லை என்று செயலாளர் நினைத்துவிட்டார், கூட்டத்தில் அதைச் சொல்லவும் தோன்றவில்லை. ஆனால் அந்த வியாபாரி பார்த்திருக்கிறார். கண்ணீர் விட்டிருக்கிறார். மாதிரி என்று தெரியாமல், நல்ல மனதோடு, தனக்குத் தெரிந்த அத்தனை குழுவுக்கும் அனுப்பியிருக்கிறார். காலையிலிருந்து பணம் வந்துகொண்டே இருந்தது. துபாய், குவைத், மலேசியா. போன வருடம் முழுக்க வந்ததைவிட அதிகம் என்று செயலாளர் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

நாகூர்க்காரருக்குப் போன் செய்து எல்லோரிடமும் அழிக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினோம். அவர் பதறிப்போய்ச் சொல்லிப் பார்த்தார். அதற்குள் அது யார் யாருக்கோ போயிருந்தது. நாங்களும் ஒரு வேண்டுகோள் எழுதி அனுப்பினோம். அழுகை வரவழைக்காத அந்த வேண்டுகோளை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

மூன்றாம் நாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. செயலாளர் வங்கிக்குப் போயிருந்ததால் நான் எடுத்தேன். வெளிநாட்டு எண். எதிர்முனையில் ஒரு ஆண் குரல், இளைஞன்தான்.

"இந்த நோட்டீஸ் நீங்க போட்டதா?"

அது தவறிப்போய் வெளியே வந்துவிட்டது என்று தொடங்கினேன். அவன் கேட்கவில்லை.

"பேரு போட்டிருக்கீங்க. ஊரு போட்டிருக்கீங்க. மொகம் அடையாளம் தெரியல. அது எங்கம்மாவான்னு மட்டும் சொல்லுங்க."

நோயாளியைப் பற்றி முன்பின் தெரியாதவரிடம் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. பெயரையும் ஊரையும் முகத்தையும் நாங்களே உலகத்துக்குக் காட்டிவிட்ட பிறகு அந்த விதியைச் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

பின்னால் வேலை செய்யும் இடத்துச் சத்தம் கேட்டது. அவன் கோபப்படாமல் பேசினான். அறையில் கூட இருக்கிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவனும் படத்தைச் சரியாகப் பார்க்காமலே போட்டிருக்கிறான். அனுப்பிய பிறகுதான் ஒருவன் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, உன் ஊர்தானே என்று கேட்டிருக்கிறான்.

"பல்லு எடுத்ததா சொன்னாங்க" என்றான். இரண்டு மூன்று முறை அதையே சொன்னான்.

நர்ஸும் நானும் அன்று சாயங்காலமே போனோம். கணவர் வழியிலேயே எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டார். முதல் தடவை போல உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. மகன் பேசியிருக்கிறான். வீடியோவில் முகத்தைக் காட்டு என்று அழுதிருக்கிறான். அந்த அம்மா காட்டவில்லை. அதிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறார்.

"நீங்க என்னமோ பண்ணிட்டீங்கம்மா. இனிமே யாரும் வர வேணாம்னு சொல்லச் சொன்னா."

அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்களை வெளியே நிறுத்திப் பேசுகிறோமே என்ற கூச்சம் அப்போதும் அவரிடம் இருந்தது. நர்ஸ் மாத்திரையை அவர் கையில் கொடுத்தார். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலி மட்டுமல்ல, உடம்பே படாதபாடு படும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வாங்கிக்கொண்டார். கட்டுத்துணியையும், புண்ணில் நாற்றம் வராமல் இருக்கப் பொடித்துப் போடும் மாத்திரையையும் கொடுத்து, எப்படிச் செய்வது என்று ரோட்டிலேயே நின்று செய்து காட்டினார்.

அதன்பிறகு நர்ஸ் அந்த வீட்டுக்குள் போகவேயில்லை. ஒவ்வொரு வாரமும் ரோட்டில் நின்று கணவரிடம் மருந்தைக் கொடுத்துவிட்டு வருவார். கட்டு மாற்ற அந்த அம்மா கணவரையும் விடுவதில்லை என்று போகப் போகத் தெரிந்தது. படம் எடுக்கிறவர்களைப் பற்றிய பயம் யார் பக்கத்தில் வந்தாலும் வந்துவிட்டது போலிருக்கிறது. ஒருமுறை நானும் கூடப் போனேன். ரோட்டிலிருந்தே நாற்றம் தெரிந்தது. நர்ஸ் வண்டியைத் திருப்பி, கொஞ்ச தூரம் வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். "நான் எடுத்த படம்க்கா" என்றார். டாக்டருக்காக, முறையாகச் சொல்லிவிட்டு எடுத்த படம் அது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். அந்த வார்த்தை அவருக்கு எதற்கும் உதவவில்லை.

ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடை நாளில் அந்த அம்மா இறந்தார். மகன் வர முடியவில்லை. நாங்கள் போனோம், தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

வந்த பணத்தை என்ன செய்வது என்று அதற்கு முன்பே ஒரு கூட்டம் நடந்திருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். செயலாளர், நூற்றுக்கணக்கான பேர் சிறுகச் சிறுக அனுப்பியது, யாருக்கென்று தேடித் திருப்புவது என்றார். மாத்திரைக்காகக் காத்திருந்த மற்ற வீடுகளின் பெயர்களை நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டேன். அந்தப் பணத்தில் அந்தக் கோடை முழுக்கத் தூரத்து ஊர்களுக்கும் நர்ஸ் போனார். பலர் வலியில்லாமல் இறந்தார்கள். சிகிச்சைக்கு எடுக்கும் படம் டாக்டரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படக் கூடாது, மாதிரித் தாளைக் கருத்துக் கேட்கக்கூட வெளியே அனுப்பக் கூடாது என்று செயலாளர் விதி எழுதிச் சுவரில் ஒட்டினார். எழுதியவர் கொஞ்ச நாளில் பொறுப்பை விட்டு விலகிக்கொண்டார். இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை என்கிறார். கால் நன்றாகத்தான் இருக்கிறது.

கனகாம்பரம் வைத்த படத்தை நான் பயன்படுத்தவில்லை. சம்மதம் சொன்னவர் எங்களை வீட்டுக்குள் விடாதபோது அந்தச் சம்மதமும் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். படமில்லாமல் எழுத்து மட்டும் உள்ள தாளாக அச்சடித்தோம். சொல்ல வேண்டியது எல்லாம் அதில் சரியாக இருந்தது. வந்தது கொஞ்சம்தான்.

ஒப்பந்தம் முடிந்து மகன் வந்தபோது அலுவலகத்துக்கு வந்தான். நான் நினைத்ததைவிடச் சின்னப் பையனாக இருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அம்மாவுக்கு ரொம்ப வலித்ததா என்று கேட்டான். மாத்திரை கடைசிவரை போய்க்கொண்டிருந்தது, வலி பெரும்பாலும் அடங்கித்தான் இருந்திருக்கும் என்று நர்ஸ் சொன்னார். புண்ணைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் படம் இன்னும் எங்காவது இருக்குமா என்று எழுந்திருக்கும்போது கேட்டான். எங்களிடம் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டோம் என்றேன். நான் சொன்னது அவன் கேட்டதற்குப் பதிலில்லை என்று அவனுக்கும் தெரிந்தது. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

இந்த நோன்பில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, ராஜகிரியிலிருந்து, ஒரு நோட்டீஸ் அனுப்பினார். அதே முகம். அடியில் எங்கள் கணக்கு எண் இல்லை. யாருடையது என்று தெரியாத வேறு ஒரு எண். பெயரும் ஊரும் மாற்றி, சின்னக் குழந்தைகளின் தாய் என்று எழுதியிருந்தார்கள். இந்த அம்மா இறந்து நாளாகிவிட்டது, இது மோசடி, தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று பதில் எழுதினேன். அந்தக் கணக்கு எண்ணோடு சைபர் போலீஸுக்கும் புகார் கொடுத்தேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

அந்தப் பெண்மணி சாயங்காலம் எழுதினார். ரொம்ப வருத்தமாக இருக்கிறதாம். பார்த்ததும் மனசு கேட்கவில்லையாம். காலையிலேயே சொந்தக்காரர்கள் குழுவுக்கெல்லாம் அனுப்பிவிட்டாராம்.